அம்மாவின் மதுரை ஆஸ்பத்திரி பில்: காப்புறுதி எந்த நாள் விலையில் ரிங்கிட்டாக மாற்றும்?

கமலா, சுங்கை சிப்புட்
வணக்கம். எங்கள் தோட்டத்துக் குழுவோடு மீனாட்சி கோயிலுக்குப் போன அம்மாவுக்கு அங்கே டெங்கி. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். சேர்த்த அன்று 60,000 ரூபாய் முன்பணம், வெளியே வந்த அன்று 126,000. இரண்டையும் என் கிரெடிட் கார்டில் கட்டினேன். கார்டு அறிக்கையில் மொத்தம் ரி.ம. 9,082.80. இரண்டு மாதம் கழித்துப் பயணக் காப்புறுதியிலிருந்து வந்தது ரி.ம. 8,477.12. வகுத்துப் பார்த்தால் 100 ரூபாய்க்கு ரி.ம. 4.56 தான் போட்டிருக்கிறார்கள். கார்டில் எனக்குப் போனது 4.88. அம்மாவின் சேமிப்பிலிருந்து எடுத்த பணம் இது, மனசு ஆறவில்லை. எந்த நாள் விலையைப் போட வேண்டும்?

முனியாண்டி, சிம்மோர்
கார்டு அறிக்கையில் உள்ளதை அப்படியே கொடுக்க வேண்டும், தங்கச்சி. எனக்கு அப்படித்தான் வந்தது. விடாதீர்கள்.

சரஸ்வதி
முதலிலேயே காப்புறுதியின் 24 மணி நேர எண்ணுக்குப் போன் செய்து உத்தரவாதக் கடிதம் வாங்கியிருந்தால் நீங்கள் பணமே கட்ட வேண்டாமே? சிங்கப்பூரில் என் கணவருக்கு அப்படித்தான் செய்தோம்.

கமலா
அக்கா, பணம் கட்டி முடிந்துவிட்டது. இப்போது கேட்பது நாணய விலையைப் பற்றி மட்டும்தான்.

ராஜன், ஈப்போ
கிலேம் பிரிவில் பல வருடம் இருந்தவன். கமலா, கிடைத்த தொகையை மொத்த பில்லால் வகுக்காதீர்கள், அது விலை ஆகாது. பணம் தந்த கடிதத்தோடு ஒரு கணக்குத் தாள் இருக்கும். கூட இருந்தவரின் சாப்பாடு, தொலைபேசி போன்ற மருத்துவம் அல்லாத செலவுகளை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் ரிங்கிட்டாக மாற்றுவார்கள். அந்தத் தாளைப் பாருங்கள். அது இல்லையென்றால் எந்த விலை, எந்தத் தேதி, எங்கே எடுத்தது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்டால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, ஆஸ்பத்திரி கார்டு ரசீதில் தொகை ரூபாயில் இருக்கிறதா, ரிங்கிட்டில் இருக்கிறதா? அங்கேயே ரிங்கிட்டில் கட்டச் சம்மதித்திருந்தால் கடையின் பக்கம் தனி விலை போட்டுக் கூடுதலாக எடுப்பார்கள். அதைக் காப்புறுதி பொதுவாக ஏற்காது.

கமலா
ரசீது ரூபாயில்தான் இருக்கிறது. கணக்குத் தாள் கிடைத்தது, அண்ணா. 6,400 ரூபாய் கழித்திருக்கிறார்கள், என் சாப்பாடும் கூடுதல் கட்டிலும். மிச்சம் 179,600. விலை 4.72, கிலேம் அனுமதித்த நாளுடையது. பேங்க் நெகாரா பக்கத்தில் பழைய தேதியைப் போட்டுப் பார்த்தேன். நான் கட்டிய இரண்டு நாளும் நடு விலை ஏறக்குறைய 4.80.

ராஜன், ஈப்போ
அப்படியானால் பிரித்துப் பார்ப்போம். உங்களுக்குக் குறைவாக வந்தது 605.68. கழித்த 6,400 ரூபாய், கார்டு விலையில் சுமார் 312 ரிங்கிட். மீதி 293. கட்டிய நாள் விலை 4.80 என்றால் 179,600 ரூபாய்க்கு 8,620.80 வர வேண்டும். வந்ததை விட 143.68 அதிகம். நாள் மாறியதால் போனது இவ்வளவுதான். இன்னொரு 150 போல, கார்டு நிறுவனத்தின் விலையும் வங்கி போடும் வெளிநாட்டுக் கட்டணமும். அதைக் கேட்டுப் பலன் இருக்காது. முனியாண்டி அண்ணனுடைய பாலிசி கார்டு அறிக்கையை ஏற்றிருக்கலாம், எல்லாப் பாலிசியும் அப்படி இல்லை.

பேங்க் நெகாரா பக்கத்தில் ரூபாய் விலை 100 ரூபாய்க்கு இருக்கும், கணக்கில் அதைக் கவனியுங்கள். இனிப் பாலிசிப் புத்தகத்தில் நாணயம் பற்றிய பிரிவைப் படியுங்கள். செலவு நடந்த நாள் என்றிருந்தால் 143.68 உங்களுடையது. கிலேம் தீர்க்கும் நாள் என்றிருந்தால் அவர்கள் செய்தது சரி.

கமலா
படித்தேன். "ரிங்கிட் மலேசியாவில் வழங்கப்படும்" என்று மட்டும் இருக்கிறது. நாள் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முனியாண்டி, சிம்மோர்
அப்போ உங்கள் பக்கம்தானே நியாயம்! எழுதாததை அவர்கள் இஷ்டத்துக்குப் போட முடியுமா?

ராஜன், ஈப்போ
தெளிவில்லாத வரியை அதை எழுதியவருக்கு எதிராகப் படிப்பதுதான் பொது வழக்கம், அதனால் கேட்க இடம் இருக்கிறது. ஆனால் தருவார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். நிறுவனத்தின் புகார் பிரிவுக்கு எழுதுங்கள். இரண்டு ரசீதின் தேதி, அந்த நாள் பேங்க் நெகாரா விலை, 143.68 என்ற கணக்கு, இது போதும். சாப்பாட்டையும் கார்டுக் கட்டணத்தையும் அதில் சேர்க்காதீர்கள், சேர்த்தால் மொத்தக் கடிதத்தையும் தள்ளிவிடுவார்கள். இறுதி முடிவு எழுத்தில் வந்து அதுவும் மறுப்பாக இருந்தால், ஆறு மாதத்துக்குள் எஃப்.எம்.ஓ.எஸ். என்னும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். 2025 ஜனவரியிலிருந்து பழைய நிதிச் சேவை ஒம்புட்ஸ்மனான ஓ.எஃப்.எஸ். அதில்தான் சேர்ந்திருக்கிறது. நமக்குக் கட்டணம் இல்லை.

சரஸ்வதி
ராஜன், என் கணவருக்கு மருந்து மட்டும் பணமாக, மாற்றிய சிங்கப்பூர் டாலரில் வாங்கினோம். பணம் மாற்றுபவர் கொடுத்த ரசீதைக் காட்டலாமா?

ராஜன், ஈப்போ
இருந்தால் இணையுங்கள், அக்கா. சிலர் ஏற்பார்கள். ஆனால் மருந்துக்கடை ரசீதில் அவர் பெயர் இருக்க வேண்டும், அது இல்லாமல் மாற்று ரசீது மட்டும் போதாது.

கமலா
நேற்று இரவே கடிதம் அனுப்பிவிட்டேன். ஒரு புகார் எண் வந்திருக்கிறது. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.