எண்பது வயதுப் பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல்: நீங்கள் எப்படி எழுதினீர்கள்?

பாளையங்கோட்டை ஆய்வு மாணவி
களக்காட்டு மலைச் செடிகளைப் பற்றிய என் ஆய்வுக்காக எண்பதைக் கடந்த ஒரு பேராசிரியருக்கு எழுத வேண்டியிருந்தது. பூர்வீகம் நம் பக்கம்தான். நெடுங்காலமாக இங்கிலாந்தில் இருக்கிறார். பெயரை இசக்கிமுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டுரைகளில் எஸ். இசக்கிமுத்து, அங்குள்ள பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் இசக்கிமுத்து சுடலைமுத்து. வெள்ளைக்காரர் முறைப்படி கடைசிப் பெயரைப் பிடித்தால் அவருடைய அப்பாவை அழைத்ததாகிவிடுமே! எஸ் என்ற முதலெழுத்து சுடலைமுத்துவோடு பொருந்தியதால் அது தந்தை பெயர் என்று முடிவு செய்து எழுதினேன்:

```
Dear Professor Isakkimuthu,

I would be grateful for your advice on ...

Yours sincerely,
```

அன்பான பதில் வந்தது. அடியில் வெறும் ‘இசக்கி’ என்று கையெழுத்து. அடுத்த அஞ்சலை எப்படித் தொடங்குவது?

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்
பெரியவர் பெயரைச் சொல்லி அழைப்பதே எனக்கு ஒப்பவில்லை, மகளே. நாங்கள் மேலதிகாரிக்கு ‘ரெஸ்பெக்டெட் சர்’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று முடிப்போம். யாருக்கு எழுதினாலும் அந்த முடிவுதான். ஒருவரும் குறை சொன்னதில்லை.

தென்காசி, லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்
அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி. பிரிட்டிஷ் வழக்கில் ‘ஃபெய்த்ஃபுல்லி’ என்பது பெயரில்லாத ‘டியர் சர்’ருக்குத்தான் ஜோடி. தொடக்கத்தில் பெயர் வந்துவிட்டால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. தங்கச்சி எழுதியது அந்த முறைதான். ‘ரெஸ்பெக்டெட் சர்’ நம் ஊர் அலுவலகங்களில் மரியாதை. அங்கே அப்படி எழுதும் பழக்கமே இல்லை. பெயர் தெரிந்தவருக்கு ‘டியர் சர்’ என்று போனாலும் பலருக்கு ஒன்றாக அனுப்பிய சுற்றறிக்கை போலத் தோன்றும். என் மேலதிகாரி அத்தகைய அஞ்சல்களைக் கடைசியில்தான் திறப்பார்.

முதலெழுத்தை மட்டும் நம்பாதே. அங்கே நெடுநாள் வாழ்ந்தவருக்குத் தந்தை பெயரே குடும்பப் பெயராக நிலைத்திருக்கலாம். சக பேராசிரியர்களுக்கு அவர் ‘புரொஃபசர் சுடலைமுத்து’வாகவே இருக்கக்கூடும். அவரிடம் படித்தவர்களின் ஆய்வேட்டு நன்றியுரையைப் பார்த்தால் தெரிந்துவிடும். உன் விஷயத்தில் கையெழுத்தே விடை சொல்லிவிட்டது. அங்குள்ளவர்கள் பெயரை மட்டும் எழுதி முடித்தால், அப்படியே அழைக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘டியர் இசக்கி’ என்றே எழுதலாம்.

வீரவநல்லூர் கல்லூரி ஆசிரியை
எனக்கு அதில் உடன்பாடில்லை. என் ஆய்வு வழிகாட்டியின் வழிகாட்டியும் இப்படித்தான் சுருக்கமாகக் கையெழுத்திடுவார். நான் கடைசிவரை ‘டியர் புரொஃபசர்’ என்று பெயரோடுதான் எழுதினேன். ‘பெயர் சொல்லியே அழையுங்கள்’ என்று அவர் ஒருமுறைகூட எழுதவில்லை, நான் எழுதியதற்கு வருந்தவும் இல்லை. முதலில் நெருங்கி எழுதிவிட்டுப் பிறகு ‘புரொஃபசர்’ என்று பின்வாங்கினால்தான், என்ன கோபமோ என்று நினைப்பார்கள். ஆனால் ஒன்று: உங்கள் பேராசிரியர் வெள்ளைக்காரராக இருந்தால் தென்காசிக்காரர் சொல்வதைத்தான் நானும் சொல்லியிருப்பேன்.

வள்ளியூர்
மும்பையிலிருக்கும் பெரியப்பாவுக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறேன். ‘லவ்’ என்று முடிக்கச் சொல்கிறாள் அக்கா. அவருக்கு எழுபத்தைந்து வயது. சரியாக இருக்குமா?

வீரவநல்லூர் கல்லூரி ஆசிரியை
பெரியப்பாவுக்கு எதற்கு ஆங்கிலம்? போன் செய்து பேசுங்கள்.

சங்கரன்கோவில், ஓய்வுபெற்ற மருத்துவர்
பெறுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். இளம் மருத்துவர்கள் பரிந்துரைக் கடிதம் கேட்டு எழுதுவார்கள். ‘டியர் மேடம்’ என்னை உறுத்துவதில்லை. ‘டாக்டர்’ என்பதை விட்டுவிட்டு ‘மிஸஸ்’ என்று கணவர் பெயரோடு எழுதும்போதுதான் எரிச்சல் வரும். பெண் என்று தெரியாமல் ‘டியர் சர்’ என்று தொடங்கியவர்களும் உண்டு. இணையப் பக்கத்தில் பெயர் முழுதாக இருக்கிறது, பார்க்கவில்லை!

முடிவு எனக்குத் தொடக்கத்தைவிடப் பெரிது. ‘தாங்கிங் யூ இன் ஆன்டிசிபேஷன்’ என்று படித்தாலே, நான் ஒத்துக்கொண்டேன் என்று அவர்களே தீர்மானித்துவிட்டார்கள் என்று தோன்றும். நேரம் கிடைத்தால் உதவுங்கள் என்று ஒரு வரி எழுதி ‘வித் கைண்ட் ரிகார்ட்ஸ்’ என்று முடிப்பவர்களுக்கு அன்றைக்கே பதில் எழுதிவிடுவேன். கீழே முழுப் பெயரும் கல்லூரியும் இருக்க வேண்டும். மூத்தவர்களுக்கு முதலெழுத்தை மட்டும் வைத்து யாரென்று தேட நேரமில்லை.

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்
பெயரோடு ‘சின்சியர்லி’ என்பதை ஏற்கிறேன். ‘ரிகார்ட்ஸ்’ மட்டும் எனக்கு நண்பர்களுக்கு எழுதுவது போலத்தான் இருக்கிறது.

பாளையங்கோட்டை ஆய்வு மாணவி
இரண்டாவது அஞ்சல் போய்விட்டது. தொடக்கம் பழையபடி ‘புரொஃபசர் இசக்கிமுத்து’. முடிவை டாக்டர் அம்மா சொன்னபடி மாற்றினேன். அவர் மறுபடி ‘இசக்கி’ என்றே எழுதினால் தென்காசி அண்ணனிடம்தான் வருவேன்.