8 அறை லொட்ஜ்: வெள்ளி, சனி வாடகையை எப்போது கூட்டுவது?

யாழ்ப்பாணம், நல்லூர்ப் பக்கம் 8 ஏசி அறை உள்ள லொட்ஜ். கிழமை நாளில் அறைக்கு 6,500, வெள்ளி சனி இரவுக்கு 8,500 ரூபாய். தெற்கிலிருந்து நயினாதீவுக்குப் போற ஆக்கள் செவ்வாய்க்குள்ளேயே வெள்ளி சனியை நிரப்பிவிடுகினம். பிறகு வாற கோலுக்கெல்லாம் இல்லையென்றுதான் சொல்ல வேண்டியிருக்கு. ஞாயிறு தொடங்கி வியாழன் வரை 3 அறை போனாலே பெரிய விசயம்.

கிழமை நாளில் 5,500 ஆக்கிப் பார்த்தாச்சு. வழமையாக வாற கொம்பனி ரெப்மார்தான் குறைந்த காசுக்கு நின்றார்கள், புது ஆள் வரவில்லை. கரண்ட், சலவை, துப்புரவு என்று ஆள் நிற்கிற அறைக்கு ஒரு இரவுக்கு 1,800 போகுது. அதைக் கழித்தால் 6,500க்கு 3 அறை 14,100 தரும், 5,500க்கு 11,100தான். நாலாவது அறையும் போனால் மட்டும் 14,800.

சனிக்கு 10,000 போடலாமோ என்று கணக்குப் பார்த்தேன். இப்ப 8 அறையும் நிரம்பி 53,600 மிஞ்சுது. 10,000க்கு 7 அறை போனால் 57,400, 6 என்றால் 49,200. ஒரு அறை வெறுமையாகக் கிடந்தால் தாங்கும், இரண்டு தாங்காது. அதனால் எல்லா அறைக்கும் ஒரேயடியாகக் கூட்டாமல், முதல் அறைகளை 8,500க்கும் கடைசி அறைகளை 10,000க்கும் விடுவதுதான் சரியென்று படுது. நல்லூர்த் திருவிழாக் காலத்தை இதில் சேர்க்கவில்லை, அது வேறு கணக்கு.

இந்த அளவு லொட்ஜ் நடத்துறவை சொல்லுங்கோ: சனிக்கு எத்தனை நாள் முன்னம், எத்தனை அறை புக் ஆனதும் விலையை 10,000க்கு மாத்துவியள்?