துண்டு தண்ணீரை இழுக்கவே மாட்டேன் என்கிறது, ஓடும் டீஷர்ட் நாறுகிறது: உதவுங்கள்

குரோம்பேட்டை_ரன்னர்: குளித்துவிட்டுத் துவட்டினால் தண்ணீர் துண்டில் ஏறாமல் முதுகில் வழுக்கிக்கொண்டு போகிறது. காலையில் ஓடப் போடும் டீஷர்ட்டும் மோசம். மெஷினில் இருந்து எடுக்கும்போது கமகமவென்று இருக்கிறது, போட்டுப் பத்து நிமிடத்தில் பழைய வியர்வை நாற்றம். மெஷின் போச்சா, பவுடரை மாற்றணுமா? ஞாயிற்றுக்கிழமை மாமனார் மாமியார் வருகிறார்கள், அதற்குள் சரி செய்யணும்.

மாடித்தோட்டம்: என்ன மெஷின், என்ன தண்ணீர், எந்தச் சூட்டில் துவைக்கிறீர்கள்? துண்டு புதிதா பழையதா? இதெல்லாம் சொல்லாமல் யார் என்ன சொல்ல முடியும்?

பழைய_மெக்கானிக்: இதே கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்தாயிற்று, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. குரோம்பேட்டை என்றாலே போர் தண்ணீர். கால்சியம் நூலில் ஏறிவிட்டது. தண்ணீரை மாற்றுங்கள், முடிந்தது.

குரோம்பேட்டை_ரன்னர்: ஃப்ரண்ட் லோட், 7 கிலோ. போர் தண்ணீர்தான். 30 டிகிரி, குயிக் வாஷ். துண்டு ஆறு, பொங்கலுக்கு வாங்கியது. மற்றபடி எல்லாம் சரியாகத்தான் போடுகிறேன்.

கரூர்_பினிஷிங்: அந்த "எல்லாம்" என்பதில் கண்டிஷனர் உண்டா சார்?

குரோம்பேட்டை_ரன்னர்: ஆமாம், அது இல்லாமல் எப்படி? முதலில் ஒரு மூடிதான். நாற்றம் வந்ததில் இருந்து இரண்டு மூடி.

கரூர்_பினிஷிங்: அங்கேதான் சிக்கல். நான் துண்டு பினிஷிங் யூனிட்டில் இருக்கிறேன், இதுதான் தினமும் பார்க்கிற வேலை. கண்டிஷனர் அழுக்கு எடுக்கிற பொருள் இல்லை. நூலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்குவதற்காகச் செய்த கொழுப்பு. அதற்கு நேர் மின்னூட்டம், தண்ணீரில் நனைந்த பருத்திக்கு எதிர் மின்னூட்டம். அதனால் கடைசி அலசலில் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும், கொழுப்பு வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கை வைத்தால் வழவழப்பு அதனால்தான். தண்ணீர் நழுவுவதும் அதனால்தான்.

ஒரு முறை போட்டால் பெரிதாகத் தெரியாது. ஒவ்வொரு துவையலிலும் இரண்டு மூடி ஊற்றி, 30 டிகிரியில் குயிக் வாஷ் ஓட்டினால், போன வாரப் படலம் போகும் முன்னே இந்த வாரப் படலம் மேலே ஏறும். பூந்துண்டுக்கு உயிரே அந்தக் குட்டிக் குட்டி வளையங்கள்தான். அவை ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துவிட்டால் பார்க்கத்தான் பருமன்.

சோதித்துப் பாருங்கள். காய்ந்த துண்டைத் தரையில் விரித்து, விரலால் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். ஓரிரு வினாடியில் மறைந்தால் நல்ல துண்டு. முத்து மாதிரி உருண்டு நின்றால் படலம். நாங்களும் யூனிட்டில் சொட்டு விட்டு, மறையும் நேரத்தைத்தான் பார்ப்போம்.

குரோம்பேட்டை_ரன்னர்: முத்து மாதிரிதான் நிற்கிறது! ஆனால் ஆறில் ஒன்றைப் பிரிக்கவே இல்லை, அதிலும் சொட்டு நிற்கிறதே. அதற்கு நான் கண்டிஷனர் போடவே இல்லையே?

பழைய_மெக்கானிக்: பார்த்தீர்களா. கண்டிஷனர் இல்லை.

கரூர்_பினிஷிங்: அண்ணா, பிரிக்காத துண்டுக்குப் போர் தண்ணீரும் படவில்லையே? 😀 கடையில் தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும் என்று யூனிட்டிலேயே சாஃப்ட்னர் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். தண்ணீரை இழுக்கிற வகை சிலிக்கோன் சாஃப்ட்னரும் உண்டு, ஆனால் எல்லாரும் அதைப் போடுவதில்லை. இரண்டு மூன்று துவையலில் புதுத்துண்டு தெளிந்துவிடும், நீங்கள் தெளிய விடாமல் மேலே மேலே ஊற்றியிருக்கிறீர்கள். அதனால் புதுசோடு ஒப்பிடாதீர்கள். அதே தண்ணீரில் கையால் துவைக்கிற துண்டு ஏதாவது வீட்டில் இருக்கிறதா?

குரோம்பேட்டை_ரன்னர்: அடுப்படியில் ஒரு ஈரிழைத் துண்டு. சோப்புப் போட்டுக் கசக்குவதோடு சரி. சொட்டு விட்ட உடனே உள்ளே போய்விட்டது.

கரூர்_பினிஷிங்: அதுவும் அதே போர் தண்ணீர்தான். மெல்லிய நெசவு என்பதால் அப்படியே ஒப்பிட முடியாது, ஆனாலும் எது காரணம் என்று ஓரளவு தெரிகிறது இல்லையா?

சாந்தி_அக்கா: தம்பி, இவ்வளவு யோசிக்க வேண்டாம். கண்டிஷனர் ஊற்றும் பெட்டியில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்று, பளிச்சென்று ஆகிவிடும். நான் வருஷக்கணக்காகச் செய்கிறேன்.

கரூர்_பினிஷிங்: பாதி சரி அக்கா. பவுடரின் காரம் தங்கினால் எடுக்கும், கொஞ்சம் உப்புப் படிவையும் கரைக்கும். நீங்கள் கண்டிஷனரே போடுவதில்லை, அதனால் உங்களுக்கு அது போதும். இவர் துண்டில் இருப்பது கொழுப்பு, வினிகருக்கு அது அசையாது. அப்புறம் ஒன்று, ப்ளீச் போடும் துவையலில் வினிகர் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

நெல்லை_அம்மா: எங்கள் பிள்ளைக்குத் துணி நாப்கின் வாங்கி, மெத்தென்று இருக்கட்டும் என்று கண்டிஷனர் போட்டேன். அத்தனையும் பக்கவாட்டில் ஒழுகியது. தையல் சரியில்லை என்று கடையில் போய்ச் சண்டை வேறு போட்டுவிட்டேன். இப்போதுதான் புரிகிறது. அந்தக் கடைக்கு இனி எந்த முகத்தோடு போவது?

குரோம்பேட்டை_ரன்னர்: சரி, என்ன செய்யணும்? டீஷர்ட்?

கரூர்_பினிஷிங்: துண்டு: கண்டிஷனரை நிறுத்துங்கள். மெஷினைப் பாதி மட்டும் நிரப்பி, காட்டன் 60 டிகிரியில் முழு ஓட்டம். போர் தண்ணீர் என்பதால் பவுடரைக் குறைக்காதீர்கள், கூடவே இரண்டு ஸ்பூன் சலவைச் சோடா. லேபிளில் 60 இல்லை என்றாலோ, அடர்ந்த கலர் என்றாலோ 40-இல் இன்னும் சில முறை ஓட்டுங்கள். ஒரே நாளில் தீராது. ஒவ்வொரு முறையும் காய்ந்த பிறகு சொட்டு விட்டுப் பாருங்கள். கண்டிஷனர் ஊற்றும் பெட்டியையும் கழற்றிக் கழுவுங்கள், பிசுபிசுப்பு அங்கேயும் இருக்கும்.

டீஷர்ட் வேறு கதை. பாலியஸ்டர் நூல் தண்ணீர் குடிக்காது. நூல்களுக்கு நடுவே இருக்கிற சந்துகள் வழியாகத்தான் வியர்வை வெளியே பரவிக் காயும், படலம் அந்தச் சந்தில் உட்கார்ந்துவிடும். பாலியஸ்டருக்கு எண்ணெய் என்றால் ரொம்பப் பிடிக்கும். உடம்பு எண்ணெயும் கண்டிஷனரும் சேர்ந்து தங்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். வாசனை மேலே உட்கார்ந்து அதை மறைக்கிறது, உடம்பு சூடானதும் உள்ளே இருப்பது வெளியே வருகிறது. நீங்கள் நாற்றத்துக்காக அளவைக் கூட்ட, கூட்டக் கூட்ட நாற்றம். உட்புறத்தை வெளியே திருப்பி, லிக்விட் டிடர்ஜென்ட் கலந்த தண்ணீரில் அரை மணி ஊற வைத்து 40-இல் துவையுங்கள். இழுத்தால் நீளுகிற எலாஸ்டேன் நூல் கலந்திருக்கும், 60-க்குப் போகாதீர்கள்.

மாடித்தோட்டம்: ஆனால் கண்டிஷனர் இல்லாவிட்டால் துண்டு அப்பளம் மாதிரி ஆகிறதே. வெயிலில் போட்டால் நிற்க வைக்கலாம்.

பழைய_மெக்கானிக்: திரும்பவும் சொல்கிறேன், கால்சியம்.

கரூர்_பினிஷிங்: கால்சியமும் விறைப்பாக்கும்தான். ஆனால் உப்பே இல்லாத தண்ணீரில் துவைத்தாலும் அசையாமல் காய்ந்த பருத்தி விறைக்கும். ஜப்பானில் காவோ நிறுவனமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் 2020-இல் இதைப் பற்றி எழுதினார்கள். நூலில் மிச்சம் தங்கும் கொஞ்சம் நீர்தான் பசை மாதிரி இழைகளை ஒட்ட வைக்கிறதாம். கொடியில் போடும் முன் நாலு உதறு, காய்ந்ததும் நாலு உதறு. ஒட்டு விடும்.

பழைய_மெக்கானிக்: ஜப்பான்காரன் குரோம்பேட்டைத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தானா?

சாந்தி_அக்கா: கல்லில் அடித்துத் துவைத்த காலத்தில் துண்டு விறைத்ததா? நிழலில் காயப் போடுங்கள்.

மாடித்தோட்டம்: நிழலில் போட்டால் ஐப்பசியில் மூன்று நாள் ஆகும் அக்கா, பூஞ்சை வாடை வரும்.

சாந்தி_அக்கா: எங்கள் வீட்டில் வராது.

நெல்லை_அம்மா: அப்படியானால் கண்டிஷனரை எதற்குத்தான் போடுவது?

கரூர்_பினிஷிங்: உடம்பில் உரசுகிற, தண்ணீர் இழுக்க வேண்டிய வேலை இல்லாத துணிக்குப் போடலாம். பாலியஸ்டர் புடவை காலில் ஒட்டினால் கொஞ்சம் உதவும். துண்டு, நாப்கின், மைக்ரோஃபைபர் துடைப்புத் துணி, விளையாட்டு உடை, இவற்றுக்கு வேண்டாம்.

குரோம்பேட்டை_ரன்னர்: மூன்று துவையல் ஆயிற்று. நாலு துண்டில் சொட்டு இறங்குகிறது, ஒன்று மட்டும் இன்னும் அடம். டீஷர்ட் ஒன்று தேறிவிட்டது, பழைய நீலக் கலர் நாறத்தான் செய்கிறது. துண்டு கொஞ்சம் சொரசொரப்புதான். மாமியார் "சாணைக்கல்லா இது?" என்றார். மாமனார் "இப்பத்தான்யா துவட்டுது" என்றார். நன்றி கரூர் அண்ணா.

பழைய_மெக்கானிக்: அந்த ஒரு துண்டு கால்சியம்.