அமுக்கத்தில் இருக்கும் உறுப்பின் பங்கைக் கழிக்க வேண்டுமா?

காட்பாடி மாணவி:
சுவரில் ஊசி இணைப்பால் பொருத்திய இரண்டு உறுப்பு டிரஸ். மேல் உறுப்பு AC கிடையாக 4 மீட்டர். A-க்கு 3 மீட்டர் கீழே உள்ள B-யிலிருந்து C-க்கு ஏறும் சாய்வு உறுப்பு 5 மீட்டர். C-யில் 30 கிலோநியூட்டன் தொங்குகிறது. பரப்பு AC-க்கு 500, BC-க்கு 1000 சதுர மில்லிமீட்டர், இரண்டும் எஃகு. AC நீள்கிறது, BC சுருங்குகிறது. C எவ்வளவு இறங்கும்? ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டுமா?

பாலாற்றங்கரை:
கழிக்கத்தான் வேண்டும். AC-யின் பங்கு 2.13, BC-யின் பங்கு 2.08 மில்லிமீட்டர். ஒன்று நீட்சி, மற்றது சுருக்கம். மிச்சம் 0.05.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
எண்கள் சரி, தம்பி, கழித்ததுதான் தவறு. 30 கிலோநியூட்டன் தொங்கும் முனை ஒரு தாள் கனம்கூட இறங்காது என்ற விடையே சந்தேகத்தை எழுப்பியிருக்க வேண்டும்.

δ = Σ nNL / AE

நிஜச் சுமையில் உறுப்பின் விசை N: AC-யில் +40, BC-யில் −50 கிலோநியூட்டன். C-யில் கீழ்நோக்கி அலகுச் சுமை 1 மட்டும் வைத்தால் வரும் விசை n முறையே +4/3, −5/3. BC-யில் இரண்டுமே அமுக்கம். பெருக்கினால் நேர்க்குறி வருகிறது. மொத்தம் 4.22 மில்லிமீட்டர் கீழே. அலகுச் சுமையைக் கிடையாக, வெளிநோக்கி வைத்துப் பாரம்மா: AC-யில் n = 1, BC-யில் 0. நிஜத்தில் 50 கிலோநியூட்டன் சுமக்கும் BC, கிடைநகர்வுக்கு எதுவும் தருவதில்லை. விடை 1.6 மில்லிமீட்டர்.

ராணிப்பேட்டை பட்டறை:
எங்கள் வாசல் கூரையை இதே வடிவச் சட்டம்தான் தாங்குகிறது. மே மாத நண்பகலில் அளந்தால், கணக்கைவிட முனை அதிகம் இறங்கியிருக்கிறது. வெயில்தானே காரணம்?

பாலாற்றங்கரை:
வேலூர் வெயிலில் வேறென்ன இருக்கும், ஐயா!

ஓய்வுபெற்ற பொறியாளர்:
அவசரப்படாதீர்கள். வெப்பத்துக்கு NL/AE இருக்கும் இடத்தில் αΔTL வரும். மாணவியின் அளவுகளிலேயே இரண்டு உறுப்பும் 30 டிகிரி சூடானால், இறக்கத்தில் AC-யின் பங்கு +1.92, BC-யின் பங்கு −3.00. முனை 1.08 மில்லிமீட்டர் மேலே ஏறும்! இங்கேதான் குறிகள் எதிரெதிராக வருகின்றன. போல்ட் துளைகளைப் பாருங்கள். துளை போல்ட்டைவிட 2 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும். AC-யின் முனை 1 மில்லிமீட்டர் நழுவினாலே C 1.33 இறங்கிவிடும்.

பாலாற்றங்கரை:
BC-யில் குறியைத் தவறவிட்டேன், சரி. ஆனால் தகரத்தை ஒட்டிய AC சூடாகும். கீழே நிழலில் இருக்கும் BC அவ்வளவு சூடாகாது. AC மட்டும் என்றால் 1.92 இறக்கம்தானே?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
அதை மறுக்க முடியாது. பட்டறைக்காரர் விடியற்காலையில் ஒருமுறை அளக்கட்டும். வெப்பத்தால் இறங்கியது திரும்பும். நழுவிய போல்ட் திரும்பாது.

ராணிப்பேட்டை பட்டறை:
சுவர்ப் பக்கம் இரண்டு போல்ட், முனையில் வெல்டிங். அப்போது ஊசி இணைப்பு என்று எடுத்த கணக்கு பொருந்துமா, ஐயா?