ஃப்ளட் ஃபில்லில் தப்பில்லை, திரும்புறதுலதான் தப்பு

எலிவால்
மேஸ்ல தானா வழி தேடி நடுவுக்குப் போற என் எலி ரோபோவால, மைக்ரோமவுஸால, போன வாரம் பட்ட பாட்டைச் சொல்றேன். 16×16 மேஸ், கட்டம் 18 செ.மீ. பேட்டரி முழுசா இருந்தப்போ நடுவுக்கு நேரா போச்சு. நாலஞ்சு ஓட்டம் கழிச்சு நடுவை நெருங்கினதும் மூணு கட்டத்துக்குள்ளேயே போய்ப் போய்த் திரும்புது. புரோகிராம்லதான் பிழைன்னு ரெண்டு ராத்திரி தேடினேன். கடைசியா சுவர் மேப்பைச் சீரியல்ல அச்சிட்டுப் பார்த்தா, திறந்திருக்கிற வழியில ஒரு சுவர் பதிவாகியிருக்கு! நடுவுக்கு எவ்வளவு தூரம்னு ஃப்ளட் ஃபில் ஒவ்வொரு கட்டத்துக்கும் போடுற எண்கள் 255 வரை ஏறி, மறுபடி 0-ல தொடங்குது.

நட்டுகழண்டவன்
255 வரைதான் தாங்குற `uint8_t`-ஐ, அதைவிடப் பெரிய `uint16_t` ஆக்குங்க. எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

பழைய எலி
எண் சுத்தி வர்றது நிக்கும், எலி சுத்துறது நிக்காது. மொத்தமே 256 கட்டம், நடு நாலும் பூஜ்யம். எவ்வளவு வளைஞ்ச வழியா இருந்தாலும் 252-ஐத் தாண்டாது. தாண்டினா, மேப்புல நடுவுக்கு வழியே அடைபட்டுப் போச்சுன்னு அர்த்தம். எலிவால், திரும்புறதுக்கு `delay` போட்டிருக்கீங்களா?

எலிவால்
ஆமா, 183 மில்லிவிநாடி. சக்கர இடைவெளி 70 மி.மீ., அதனால 90 டிகிரிக்கு ஒவ்வொரு சக்கரமும் 55 மி.மீ. போகணும். வேகம் 300 மி.மீ./விநாடி.

பழைய எலி
அந்த வேகம் 8.4 வோல்ட்ல அளந்ததா இருக்கும். 7.4-க்கு இறங்கினா வேகமும் ஏறக்குறைய அதே விகிதத்துல குறையும், 79 டிகிரிதான் திரும்பும். 11 டிகிரி கோணலா ஒரு கட்டம் போனா பக்கவாட்டுல 34 மி.மீ. நகர்ந்துடும். 10 செ.மீ. அகல எலின்னா அதுவே சுவரை உரசுற தூரம். அப்போ முன் சென்சார் மூலையில இருக்கிற தூணைப் பார்த்துச் சுவர்னு சொல்லும். நேரத்தை விட்டுட்டு, சக்கரம் சுத்துறதை எண்ணுற என்கோடர் எண்ணிக்கையை வெச்சு நிறுத்துங்க. முன்னாடி ரெண்டு சென்சாரும் சேர்ந்து சொன்னா மட்டும் சுவரைப் பதியுங்க.

கறுப்புக்கோடு
என் லைன் ஃபாலோவரும் வளைவுல கோட்டை விட்டுடுது. சென்சாரைத் தாழ்த்தணுமா?

நட்டுகழண்டவன்
இங்க கோடே இல்லைங்க, சுவர்தான். தனியா கேளுங்க. பழைய எலி, ஒரே சுவரை ரெண்டு தடவை பார்த்தாத்தான் பதியணும்னு வெச்சா?

பழைய எலி
தேடுற ஓட்டத்துல பல சுவரை ஒரே தடவைதான் பார்ப்போம். நான் வேற மாதிரி செய்யறேன்: வழி அடைபட்டா, கடைசியா பதிஞ்ச சில சுவர்களை அழிச்சுட்டு மறுபடி ஃப்ளட். எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க.

எலிவால்
என்கோடர் போட்டாச்சு. பொய்ச் சுவர் வரலை. ஆனா டயர்ல தூசி படிஞ்சா சக்கரம் வழுக்குது, எண்ணிக்கை 55 மி.மீ. காட்டும்போதே கோணம் குறையுது. இப்போதைக்குப் பின்னால சுவர் இருக்கிற கட்டத்துல மெதுவா பின்வாங்கி, முதுகை முட்டி நேராக்கிக்கிறேன். திரும்புற கோணத்தை அளக்க ஜைரோ வாங்கணுமான்னு இன்னும் முடிவு பண்ணலை.