இரவு ஸ்டீராய்டு, கெட்ட தூக்கம்: டாக்டரிடம் கொடுக்க ஒரு சீட்டு, சரிபார்க்க உதவுங்கள்

சேலத்து மருந்தாளுநர்கள், நர்ஸ்கள் பார்வைக்கு. ஏற்காட்டிலிருந்து கீழே மருத்துவம் பார்க்க வருபவர்களுக்காக ஒரு பக்கச் சீட்டு தயாராகிறது. மாதிரிக்கு எடுத்துக்கொண்ட நோயாளி: இளைப்புக்கு பிரெட்னிசோலோன் 10 மி.கி., காலை 8, இரவு 9. மலைக்குளிரில் மூக்கடைத்தால் தானே வாங்கும் சூடோஎஃபெட்ரின் சளி மாத்திரை. தூக்கம் இரவு 2 மணிக்குக் கலைகிறது.

உடலின் சொந்த கார்ட்டிசால் காலையில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். இரவு 9 மணி மாத்திரை அந்தத் தாழ்வு நேரத்தில் உடலை விழிக்க வைக்கிறது. சளி மாத்திரையும் நரம்பைத் தூண்டும். டாக்டரிடம் சொல்ல மறப்பது பெரும்பாலும் இதைத்தான்.

சீட்டில் ஒரு வாரத்துக்கு மாத்திரை நேரம், படுத்த நேரம், விழித்த நேரம் எழுத இடம் உண்டு. கீழே கேள்வி: "மொத்த 20 மி.கி.யையும் காலை உணவோடு ஒரே வேளையாகச் சாப்பிடலாமா? இரவில் இளைப்பு கூடினால் என்ன செய்வது?" தடித்த எழுத்தில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். பல வாரம் சாப்பிட்டதைத் திடீரென விட்டால் அட்ரீனல் சுரப்பி ஈடுகொடுக்காது. ரத்த அழுத்தம் விழலாம்.

மெட்டோபிரோலால், ஃப்ளுவாக்ஸெடின் சாப்பிடுபவர்களுக்கும் இதே சீட்டு போதுமா, தனித்தனியா? முன்னது மெலடோனினைக் குறைக்கும். பின்னது பலருக்குக் காலையில்தான் ஒத்துவரும். சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு நேரம் மாறினால் சர்க்கரை ஏறும் நேரமும் மாறுமே, அந்த வரியை எப்படி எளிமையாக எழுதலாம்?