புதுப்பிப்பு: விலைப்பிழை என்று ரத்தான ஆர்டர் வந்து சேர்ந்தது

"உறுதிசெய்த ஆர்டரை, விலையில் பிழை என்று விற்பனையாளர் ரத்து செய்துவிட்டார், பொருளையே தரும்படி எப்படி எழுதுவது?"

நான் முன்பு இங்கே கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில் தந்து உதவிய அனைவருக்கும் நன்றி. உறுதி மின்னஞ்சல் வந்தாலே ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று ஒருவர் சொன்னது பாதிதான் சரி. பொருள் அனுப்பப்பட்டதாக அறிவிக்கும்போதுதான் ஒப்பந்தம் உருவாகும் என்று இந்த விற்பனையாளரின் விதிமுறைகளில் இருந்தது. தாமதமாக வந்த தம் பார்சலைப் பற்றி இன்னொருவர் எழுதிய வழி இதற்குப் பொருந்தவில்லை. பலன் தந்தது, அந்த விதிமுறைகளையே எடுத்துப் படிக்கச் சொன்னவரின் யோசனை. பொருளை அனுப்பிவிட்டதாகக் கண்காணிப்பு எண்ணுடன் அறிவிப்பு வந்த மறுநாள்தான் ரத்து செய்திருந்தார்கள்.

ஆகவே அந்த விதியையும் இரு தேதிகளையும் குறிப்பிட்டு, விலை வழக்கமான தள்ளுபடி அளவிலேயே இருந்ததால் அது பிழை என்று எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்பதை விளக்கி, 7 நாள்களுக்குள் பொருளை அனுப்புமாறு எழுதினேன். எதிர்பாராதது, பதிலுக்கு முன்பே பணம் என் கணக்கிற்குத் திரும்பியதுதான். அதைத் தீர்வாக ஏற்கவில்லை என்று உடனே எழுத்தில் தெரிவித்தேன். அது முக்கியம் என்றே நினைக்கிறேன். 5ஆம் நாள் ஒப்புக்கொண்டார்கள்; பழைய விலையை மீண்டும் செலுத்தியதும் பொருள் வந்தது.

அனுப்பும் முன்பே ரத்து செய்திருந்தால் இதே கடிதம் பலித்திருக்குமா என்பதில் இங்கே இன்னும் கருத்து வேறுபாடு உள்ளது.